இரண்டு முதன்மைத் தகைவும் ஒரே குறியில் இருந்தால் உச்ச ஷியர் எவ்வளவு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மோர் வட்டம் போட்டு (σ1 − σ2)/2 எடுத்தேன். விடை தப்பு என்கிறார்கள். வட்டத்தின் ஆரம்தானே உச்ச ஷியர்?

ஆரம்தான், ஆனால் எந்த வட்டத்தின் ஆரம் என்பதில்தான் சிக்கல். நீங்கள் வரைந்தது தாளின் தளத்துக்குள் திரும்பிப் பார்க்கிற வெட்டுகளுக்கான வட்டம். பொருளோ முப்பரிமாணத்தில் இருக்கிறது, அதைத் தாளை விட்டு வெளியே சாய்த்தும் வெட்டலாம். மெல்லிய தகட்டிலோ சுமை படாத வெளிப் பரப்பிலோ மூன்றாவது முதன்மைத் தகைவு σ3 = 0. அது பூச்சியம் என்பதால் 'இல்லை' என்று ஆகிவிடாது. மற்ற இரண்டோடு சேர்ந்து வரிசையில் நிற்கிற ஒரு மதிப்பு அது.

மூன்றையும் எண்கோட்டில் வையுங்கள். மிகப் பெரியதிலிருந்து மிகச் சிறியதைக் கழித்து இரண்டால் வகுத்தால் வருவதுதான் முழு உச்ச ஷியர். இரண்டும் நேர்க்குறி என்றால் மிகச் சிறியது 0, ஆக விடை σ1/2. இரண்டும் எதிர்க்குறி என்றால் மிகப் பெரியது 0, விடை |σ2|/2. ஒன்று நேர், ஒன்று எதிர் என்றால் 0 நடுவில் மாட்டிக்கொள்கிறது, அப்போது மட்டும் நீங்கள் போட்ட (σ1 − σ2)/2 சரி.

இனிமேல் வசதிக்காகத் தாளின் தளத்துக்குள் கிடைப்பதைத் 'தள உச்சம்' என்றும், மூன்று திசையையும் பார்த்துக் கிடைப்பதை 'முழு உச்சம்' என்றும் சொல்கிறேன்.

அந்தத் திசையில் தகைவே இல்லையே, பிறகு அங்கிருந்து எப்படி ஷியர் கூடுகிறது?

ஷியர் பிறப்பது இழுவையின் அளவால் அல்ல, இரண்டு திசைகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசத்தால். ஒரு திசையில் 120, குறுக்கே 20 என்றால் வித்தியாசம் 100. அதே 120-ஐ எதுவுமே இழுக்காத தடிமன் திசையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 120. எது பெரியது என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

இதில் நம்பிக்கை வராதவர்கள் ஒரு ஆப்பை வெட்டிப் பாருங்கள். தகட்டின் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி, σ1 திசைக்கும் தடிமன் திசைக்கும் நடுவே 45 பாகையில் சாய்வாக வெட்டுகிறோம். சாய்ந்த முகத்தின் பரப்பு 1 என்று வைத்தால், σ1 தாக்கும் நிமிர்ந்த முகத்தின் பரப்பு cos 45°. அங்கே விசை σ1 cos 45°. அதைச் சாய்வின் திசையில் பிரித்தால் σ1 cos 45° sin 45°, அதாவது σ1/2. மேற்பரப்பு முகத்தில் ஒன்றுமில்லை. σ2 எங்கே போனது என்றால், அது ஆப்பின் இரண்டு பக்கத்து முக்கோண முகங்களில் எதிரெதிராகத் தள்ளித் தானே சமன் ஆகிவிடுகிறது, சாய்ந்த முகத்துக்கு அதனால் ஒரு துளியும் பங்கு இல்லை. ஒரே குறி என்ற நிலையில் σ2 விடையிலேயே வராமல் போவதற்கு இதுதான் காரணம்.

ஒரு கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுங்கள்.

சரி. ஒரு தகட்டின் பரப்பில் σx = 100, σy = 40, τxy = 40 என்று வைப்போம், எல்லாம் மெகாபாஸ்கலில்.

வட்டத்தின் மையம் (100 + 40)/2 = 70. பாதி வித்தியாசம் 30, ஷியர் 40, ஆகவே ஆரம் √(30² + 40²) = 50. முதன்மைத் தகைவுகள் 120, 20. இரண்டும் நேர்க்குறி. தள உச்சம் 50.

இங்கே பேனாவை மூடி வைத்துவிடுவதுதான் வழக்கமான தப்பு. மூன்றாவதாக 0-வையும் சேர்த்தால் வரிசை 120, 20, 0. முழு உச்சம் 120/2 = 60. மோர் படத்தில் இதற்கு மூன்று வட்டம்: 20-க்கும் 120-க்கும் இடையே நீங்கள் ஏற்கெனவே வரைந்தது, 0-க்கும் 20-க்கும் இடையே ஒரு குட்டி வட்டம், 0-க்கும் 120-க்கும் இடையே மற்ற இரண்டையும் விழுங்கிக்கொண்டு ஒரு பெரிய வட்டம். உங்கள் வட்டம் செங்குத்தான ஷியர் அச்சைத் தொடாமல் முழுசாக ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதா? அப்படியென்றால் தொடக்கப் புள்ளியையும் அணைத்துக்கொள்ளும் இன்னொரு பெரிய வட்டம் கட்டாயம் இருக்கிறது.

பொருளின் யீல்டு தகைவு 250 என்றால், டிரெஸ்கா விதிப்படி ஷியர் 125-ஐத் தொடும்போது யீல்டு. சரியான பாதுகாப்பு எண் 125/60, சுமார் 2.08. தள உச்சத்தை வைத்துப் போட்டால் 125/50 = 2.5. இந்தப் பிழை எப்போதும் ஆபத்தான பக்கமாகத்தான் விழும், ஏனென்றால் தள உச்சம் முழு உச்சத்தைவிடக் கூடுதலாக வர வழியே இல்லை.

முதன்மைத் தகைவு கண்டுபிடிப்பதற்கு முன்பே ஒரே குறியா இல்லையா என்று தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். σx·σy பெருக்கல் τxy²-ஐவிடப் பெரியதாக இருந்தால் இரண்டு முதன்மைத் தகைவும் ஒரே குறி. மேலே உள்ள கணக்கில் 4000 எதிர் 1600, ஆகவே ஒரே குறி. இரண்டு முதன்மைத் தகைவுகளின் பெருக்கல் எப்போதும் σxσy − τxy² என்பதிலிருந்து இது நேராக வருகிறது, மனப்பாடம் செய்ய வேண்டிய விஷயமே இல்லை. தேர்வில் நேரம் இல்லாதபோது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சமமாக இருந்தால் முதன்மைத் தகைவுகளில் ஒன்று பூச்சியம், அப்போது தள உச்சமும் முழு உச்சமும் ஒன்றே.

இரண்டும் எதிர்க்குறி என்றால் σ1/2 எடுக்கலாமா?

கூடாது. நிறையப் பேர் விழுவது இங்கேதான். −20, −120 என்று வந்தால், குறியோடு பார்க்கும்போது பெரியது −20, அதற்கு σ1 என்று பெயர் வைத்து, பாதியாக்கி −10 என்று எழுதிவிட்டு, குறியை அழித்து 10 என்று விடை சொல்வார்கள். வரிசை 0, −20, −120. மேலே நிற்பது 0, கீழே −120, பாதி வித்தியாசம் 60. சூத்திரத்தை நினைவில் வைக்காமல் வரிசைப்படுத்தும் பழக்கத்தை வைத்துக்கொண்டால் இந்தத் தப்பு நடக்காது. எழுத்தில் இவ்வளவுதான்:

```python
s = sorted([s1, s2, 0.0])
tau_abs = (s[2] - s[0]) / 2
```

குறிகளைப் பற்றிய கேள்வியே இதில் எழவில்லை பாருங்கள். மூன்று நிலைக்கும் இதே இரண்டு வரிதான்.

நிஜத்தில் இரண்டும் ஒரே குறியாக எங்கே வரும்?

உள்ளே அழுத்தம் அடைத்த எந்த மெல்லிய கலனை எடுத்தாலும் வரும். உருளைக் கலனில் சுற்றுத் திசையில் pr/t, நீளத் திசையில் pr/2t, இரண்டும் இழுவை. உள் ஆரம் 500 மில்லிமீட்டர், சுவர் 10 மில்லிமீட்டர், அழுத்தம் 2 மெகாபாஸ்கல் என்றால் 100, 50. தள உச்சம் 25. வெளிப் பரப்பில் முழு உச்சம் 50. சரியாக இரண்டு மடங்கு. யீல்டு 250 உள்ள எஃகில் பாதுகாப்பு எண் 5 என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் இருப்பது 2.5.

கோளக் கலன் இன்னும் வேடிக்கை. அங்கே எந்தத் திசையில் பார்த்தாலும் pr/2t, அதே அளவுகளுக்கு 50, 50. வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது, தள உச்சம் பூச்சியம். ஷியரே இல்லாத பொருள் டிரெஸ்கா விதிப்படி யீல்டு ஆகவே கூடாது, அப்படியானால் கோளத்துக்குள் எவ்வளவு அழுத்தம் ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது என்றாகிறது! நான் மாணவனாக இருந்தபோது ஒரு தேர்வில் இப்படியே 'உச்ச ஷியர் = 0' என்று அடிக்கோடு போட்டு எழுதி வைத்தேன், அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த மதிப்பெண்ணும் அதே எண்தான். சரியான விடை 25. வெட்டு கோளத்தின் தோலோடு போகாமல் சுவரின் தடிமனுக்குள் சாய்ந்து இறங்குகிறது.

இந்த விஷயத்தை யாருக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் கோளத்திலிருந்து தொடங்குங்கள். உருளையில் 25 என்ற விடை பார்க்க நியாயமாகத் தெரியும், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். கோளத்தில் வரும் பூச்சியம்தான் ஆளை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

அந்த ஷியர் தளம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? படத்தில் வரைய முடியவில்லை.

தாளின் மேல் வரைய முடியாதுதான், அது தாளைத் துளைத்துக்கொண்டு போகிறது. முதலில் நடு மதிப்பு எது என்று பாருங்கள். இரண்டும் நேர்க்குறியாக உள்ள நிலையில் நடுவே நிற்பது σ2. அந்த σ2-வின் திசையைக் கீல் மாதிரி வைத்துக்கொண்டு, தகட்டின் பரப்பிலிருந்து 45 பாகை உள்நோக்கிச் சாயும் தளம்தான் உங்களுக்கு வேண்டியது. மேற்பரப்பில் அது வெளிப்படும் கோடு σ2 திசையில், அதாவது σ1-க்குச் செங்குத்தாக ஓடும். நம் கணக்கில் tan 2θ = 80/60, θ சுமார் 26.6 பாகை, ஆகவே σ1 திசை x அச்சிலிருந்து 26.6 பாகை, அந்தக் கோடு அதற்குச் செங்குத்தாக. அந்தத் தளத்தின் மேல் செங்குத்துத் தகைவும் இருக்கிறது, அது பெரிய வட்டத்தின் மையமான 60.

தள உச்சத்தின் தளம் அப்படியல்ல. அது மேற்பரப்புக்குச் செங்குத்தாக நேரே இறங்கும், மேற்பரப்பில் தெரியும் கோடு σ1-க்கு 45 பாகை சாய்ந்திருக்கும்.

இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நன்றாக நீண்டு கொடுக்கும் எஃகுக் குழாய் அதிக அழுத்தத்தில் வெடிக்கும்போது பிளவு பெரும்பாலும் குழாயின் நீளத்தோடு ஓடும். உடைந்த ஓரத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால் சுவரின் தடிமன் நெடுகச் சுமார் 45 பாகையில் சரிந்த முகம் தெரியும், ஓரம் மெலிந்தும் இருக்கும். தள உச்சம் ஆட்சி செய்திருந்தால் குழாயின் மேல் திருகு சுற்றினாற்போல் சாய்ந்த கோட்டில் நழுவல் வந்திருக்க வேண்டும்.

உருளைக் குழாயை முறுக்கவும் செய்தால்?

முறுக்கம் கூடக் கூட σ1 ஏறும், σ2 இறங்கும், ஒரு கட்டத்தில் σ2 பூச்சியத்தைத் தாண்டி மறுபக்கம் போய்விடும். 100, 50 உள்ள அதே குழாயில் முறுக்கத்தால் 30 வந்தால் ஆரம் சுமார் 39, σ1 சுமார் 114. தள உச்சம் 39, முழு உச்சம் 57. இன்னும் தடிமனுக்குள் சாய்ந்த தளம்தான் பெரியது.

மாறும் இடம் எது என்று முன்னே சொன்ன பெருக்கல் சோதனையே சொல்லிவிடும்: 100 × 50 = 5000, அதன் வர்க்கமூலம் 70.7. முறுக்கத் தகைவு 70.7 ஆகும்போது முதன்மைத் தகைவுகள் 150, 0, இரண்டு உச்சமும் 75. அதற்கு மேலே போனால் தள உச்சமே முழு உச்சம். ஒரே குழாய்க்கு ஒரு சுமையில் போட்ட சூத்திரத்தை இன்னொரு சுமைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

வான் மிசஸ் பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லையா?

இல்லை, அது உண்மைதான். √(σ1² − σ1σ2 + σ2²) என்ற தளத் தகைவுச் சூத்திரத்திலேயே மூன்றாவது மதிப்பு 0 என்பது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. நம் 120, 20 கணக்கில் 111.4 வரும், பாதுகாப்பு எண் 2.24.

ஒரே குறி நிலையில் இரண்டு விதிக்கும் இடையே அதிக இடைவெளி விழுவது σ2 சரியாக σ1-இல் பாதியாக இருக்கும்போது, அதாவது நம் உருளைக் கலனில்தான். யீல்டு தகைவோடு ஒப்பிட டிரெஸ்கா 2 × 50 = 100 என்கிறது, வான் மிசஸ் 86.6 என்கிறது. கோளத்தில் இரண்டும் ஒன்றே. டிரெஸ்கா எப்போதும் பாதுகாப்பான பக்கம் நிற்கிறது, அதுவும் முழு உச்சத்தை வைத்துப் போட்டால் மட்டும். தள உச்சத்தை வைத்துப் போட்ட 'டிரெஸ்கா' வான் மிசஸைவிடக் குறைவாக வந்து நிற்கும். உருளையில் 2 × 25 = 50 எதிர் 86.6. டிரெஸ்கா விடை வான் மிசஸைவிடக் குறைந்தால் எங்கோ 0-வை விட்டுவிட்டீர்கள் என்று உடனே தெரிந்துகொள்ளலாம், நல்ல சோதனை இது.

ஸ்ட்ரெயின் கேஜ் ரோசெட்டில் திரிபு ஒன்று நேர், ஒன்று எதிர். அப்படியென்றால் தகைவும் எதிரெதிர்தானே?

இல்லவே இல்லை, இது மோசமான பொறி. பக்கவாட்டுச் சுருக்கத்தால் திரிபின் குறியும் தகைவின் குறியும் பிரிந்துவிடலாம். எஃகின் மேல் முதன்மைத் திரிபுகள் 500, −100 மைக்ரோ என்று வைப்போம், E = 200 கிகாபாஸ்கல், ν = 0.3. தகைவாக மாற்றினால் சுமார் 103, 11. இரண்டுமே இழுவை! குறுக்குத் திசையில் சுருங்கியது போலத் தெரிந்தது முதல் இழுவையின் பக்க விளைவு மட்டுமே. தள உச்சம் 46, முழு உச்சம் சுமார் 52.

ஆகவே குறியை முடிவு செய்வதற்கு முன்னால் தகைவுக்கு மாறிக்கொள்ளுங்கள். திரிபிலேயே வேலை செய்ய விரும்பினால் மூன்றாவது திரிபைப் பூச்சியம் என்று வைக்காதீர்கள், தகைவுதான் பூச்சியம். திரிபு −ν(ε1 + ε2)/(1 − ν), இங்கே சுமார் −171 மைக்ரோ. 500-க்கும் −171-க்கும் வித்தியாசம் 671, அதை ஷியர் குணகம் 76.9 கிகாபாஸ்கலால் பெருக்கினால் அதே 52 திரும்பக் கிடைக்கும்.

மென்பொருள் காட்டும் எண்ணை நம்பலாமா?

எந்த எண்ணைக் காட்டச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது. Ansys-இல் `SINT` என்பது மூன்று முதன்மைத் தகைவுகளில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசம், அதில் பாதிதான் முழு உச்ச ஷியர். Abaqus-இல் `Tresca` என்பதும் அதே வித்தியாசம்தான். `S12` அல்லது `SXY` என்று வருவது நீங்கள் வைத்த அச்சுகளில் உள்ள ஷியர் மட்டும், உச்சமே இல்லை. அதை எடுத்து யீல்டு சோதனை போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது எப்போதும் 0 என்று வைத்துக்கொள்ளலாமா?

சுமை படாத பரப்பில் மட்டும் நிச்சயமாக. கலனின் உள்பரப்பில் அழுத்தமே தள்ளிக்கொண்டிருக்கிறது, அங்கே மூன்றாவது −p. நம் உருளையில் 100, 50, −2, முழு உச்சம் 51. மெல்லிய சுவரில் இந்த 1 பெரிதல்ல, ஆனால் சுவர் தடித்து p/σ விகிதம் ஏறும்போது இதை விட்டுவிட முடியாது, அப்போது மெல்லிய சுவர்ச் சூத்திரங்களையே கைவிட வேண்டும்.

நீண்ட அணை, நீண்ட சுரங்கம் போன்றவற்றில் நீளத் திசையில் பொருள் அசைய முடியாது. அங்கே பூச்சியமாக இருப்பது திரிபு. தகைவு ν(σ1 + σ2). 120, 20 என்றால் ν = 0.3-க்கு மூன்றாவது 42, அது நடுவில் உட்கார்ந்துவிடுகிறது, ஆகவே குறி ஒன்றாக இருந்தும் முழு உச்சம் வெறும் 50. ஒரே குறி என்றால் பாதி எடு என்ற விதி இங்கே கிடையாது. மூன்று எண்ணையும் வரிசைப்படுத்துவது மட்டும் இங்கேயும் அப்படியே செல்லும்.

வார்ப்பிரும்பு போல நொறுங்கும் பொருள் என்றால் ஷியரைத் தேடவே வேண்டாம், அங்கே பெரிய இழுவைத் தகைவே முதலில் உடைக்கும், நம் கணக்கில் அது 120.